கபடி அணிக்கு 12 வார வலுப்பயிற்சி: நான்கு வழிகளில் எதற்குச் செலவு செய்வது?

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் அறைக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். "மல்டி ஜிம் வாங்கிவிடலாமா, இல்லை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜிம்மிலேயே பிள்ளைகளைச் சேர்த்துவிடலாமா?" நின்ற இடத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் ஜூன் மாதம் பணம் செலவாகிவிடும். செப்டம்பரில் மண்டலப் போட்டிக்குப் போகும்போது பிள்ளைகளின் காலில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் இருக்கிற நான்கு வழிகளையும் நேரில் போய்ப் பார்த்து, விலை கேட்டு, நம் கல்லூரி மணிநேரத்தோடு பொருத்திப் பார்த்து இதை எழுதுகிறேன்.

எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு காலிறுதியில் நம் முதல் ரைடர் எப்படி விழுந்தாள் என்பதைத் தாங்களும் பார்த்தீர்கள். எதிரணி யாரும் அவளைத் தள்ளவில்லை. போனஸ் கோட்டில் கால் வைத்துவிட்டுத் திரும்பும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கி ஜவ்வு கிழிந்தது. பெண் விளையாட்டு வீரர்களுக்கு இந்த முழங்கால் ஜவ்வுக் காயம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. அதில் பெரும்பகுதி யாரும் மோதாமல், நிற்கும்போதும் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் வருவது. தொடையும் இடுப்பும் அந்த ஒரு நொடி உடம்பைத் தாங்காவிட்டால் பாரம் முழுவதும் முழங்கால் மீது வந்துவிடுகிறது.

ஆட்டத்துக்கும் அதே வலுதான் வேண்டும். பெண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து, ரைடர் தாண்டியே ஆக வேண்டிய பாக் கோடு 3 மீட்டர். பாக் கோட்டைத் தாண்டிய ரைடரைக் கார்னரில் நிற்பவள் கணுக்காலில் பிடித்தால், அந்த 3 மீட்டரை இழுத்துக்கொண்டு வருகிறவள் ரைடர், இழுபடாமல் குந்தி நிற்கிறவள் கார்னர். நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கத் தெரியும். போன ஆண்டு நாம் தோற்ற இரண்டு ஆட்டங்களின் வீடியோவையும் திரும்பப் பார்த்தேன். பிடி விழுந்த பிறகு கைநழுவிப் போன புள்ளிகள்தான் அதிகம். இன்னும் ஆயிரம் தடவை பிடித்துப் பழகினாலும் இந்தக் குறை தீராது.

எதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்

எந்தக் கருவி உயர்ந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளவளுக்கு ஏற்றபடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பளுவை ஏற்ற முடியுமா? என் ஒருத்தியின் கண்பார்வைக்குள் 14 பேரும் செய்ய முடியுமா? நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பேருந்துகள் 4:50-க்குக் கிளம்புவதற்குள் முடியுமா?

முதல் கேள்விதான் மற்ற இரண்டுக்கும் ஆணிவேர். உடம்பு தனக்குப் பழகிப்போன பாரத்துக்கு மேல் ஒன்றும் வளர்த்துக்கொள்ளாது. இன்று 25 கிலோ தூக்கி ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தவள் மூன்று மாதம் கழித்தும் அதே 25 கிலோவில் நின்றால், முதல் மாதத்தில் கிடைத்ததுதான் அவளுக்குக் கிடைத்தது. எனவே பாரம் ஏற வேண்டும். அதுவும் 2 கிலோ, 3 கிலோ என்ற சின்னப் படிகளில் ஏற வேண்டும். பெரிய படியாக ஏற்றினால் முதுகும் முழங்காலும் பதில் சொல்லும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜிம்

அங்கே கருவிகள் நன்றாக இருக்கின்றன. மாதம் ஒருவருக்கு 1,200 ரூபாய் என்று சொன்னார்கள். 14 பேருக்கு மூன்று மாதம் 50,400 ரூபாய். நம்மிடம் இடமோ சாமானோ எதுவும் கேட்காத வழி என்பதால் முதலில் எனக்கும் இதுதான் சரி என்று பட்டது.

போய் நின்று பார்த்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வகுப்பு 3:20-க்கு முடிகிறது. உடை மாற்றி, நடந்து அங்கே போய்ச் சேர 3:50 ஆகிறது. பேருந்தைப் பிடிக்க 4:30-க்குக் கிளம்ப வேண்டும். உள்ளே கிடைப்பது 40 நிமிடம். அந்த 40 நிமிடத்திலும் பளுவோடு உட்கார்ந்து எழுவதற்கான ஸ்குவாட் ஸ்டாண்டு ஒன்றுதான், அதுவும் பொதுவானது. நம் பிள்ளைகள் 14 பேர் அதை எடுத்துக்கொண்டால் பணம் கட்டி வரும் மற்ற பெண்கள் எங்கே போவார்கள்? நிர்வாகம் நாலு நாள் பொறுத்துக்கொள்ளும், ஐந்தாம் நாள் முகம் மாறும்.

இன்னொன்று, அங்கிருக்கும் பயிற்சியாளர் திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, வெள்ளி கால் என்று பிரித்துத் தருகிறார். உடம்பைக் கட்டாக்க வருகிறவர்களுக்கு அந்த முறை பொருந்தும். வெள்ளிக்கிழமை காலுக்கு மொத்தப் பயிற்சியும் கொடுத்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடை பிடித்துக்கொண்டு இருக்கும். நமக்கோ சனிக்கிழமைதான் நட்பு ஆட்டங்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு நம் ஆட்ட அட்டவணை தெரியாது. நான் போய் நின்று அவர் ஜிம்மில் என் முறையை நடத்துவதும் முறையாக இருக்காது.

மூன்று மாதம் முடிந்ததும் என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும். பெற்ற வலுவைக் காப்பாற்றிக்கொள்ள வாரம் ஒரு நாள் பயிற்சி போதும். அந்த ஒரு நாளும் இல்லாமல் போனால் ஒரு மாதத்துக்கு மேல் அது தங்காது, மெல்லக் கரைய ஆரம்பிக்கும். செப்டம்பர் போட்டியில் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போகும் நேரத்தில் சந்தா முடிந்திருக்கும்.

மல்டி ஜிம்

நிர்வாகத்துக்கு இதில் விருப்பம் இருப்பது எனக்குத் தெரியும். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆய்வுக் குழு வந்தால் காட்டலாம், 12 நிலையம் உள்ளது 2,40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். மெஷினில் செய்தால் தசை வளராது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தசையை வளர்ப்பதில் மெஷினுக்கும் ராடுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. விழும் பயமும் மெஷினில் குறைவு.

என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. அந்த 12 நிலையத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நெஞ்சு, தோள், கை, முதுகு என்று மேல் உடம்புக்கு ஒன்பது. வயிற்றுக்கு ஒன்று. காலுக்கு இரண்டே இரண்டு: லெக் பிரஸ் ஒன்று, முழங்காலை நீட்டி மடக்குவது ஒன்று. நமக்கு வேண்டியது காலும் இடுப்பும். ஒரே நேரத்தில் 12 பேர் செய்யலாம் என்று விற்கிற கருவியில், நம் தேவைக்கு இரண்டு பேர் செய்ய 12 பேர் வரிசையில் நிற்பார்கள்.

லெக் பிரஸ்ஸில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தள்ளுகிறோம். உடம்பைச் சமநிலையில் நிறுத்தும் வேலையை நாற்காலி பார்த்துக்கொள்கிறது. பிடியில் நிற்கும் கார்னருக்கு அந்த நாற்காலி கிடையாது. காலில் பிறக்கும் விசை இடுப்பு, முதுகு வழியாகக் கைக்குப் போய்ச் சேர வேண்டும், நடுவில் எங்கேயும் தளரக் கூடாது. அதை நின்று தூக்கித்தான் பழக முடியும்.

பராமரிப்பைப் பற்றியும் என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதே மாதிரி ஒன்று வாங்கினார்கள். இரண்டாம் ஆண்டில் கம்பி வடம் பிரிந்தது. உதிரி பாகத்துக்குக் கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, ஆள் வருவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விட்டது. அதற்குள் மற்ற வடங்களும் துருப்பிடித்தன. கடைசியாக நான் பார்த்தபோது அதன் மேல் கிரிக்கெட் மேட்டைக் காயப் போட்டிருந்தார்கள். ராடிலும் பிளேட்டிலும் பழுதாவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் இருபது வருடம் கிடக்கும்.

மைதானமும் மணல் மூட்டையும்

செலவே இல்லாத வழி இது. தண்டால், பஸ்கி, கயிறு ஏறுவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, மணல் மூட்டையைத் தோளில் வைத்து நடப்பது. நம் ஊர்க் கபடிக்காரர்கள் பலர் இப்படித்தான் வளர்ந்தார்கள். நானும் அப்படித்தான் விளையாடினேன். தூரத்துப் பிள்ளைகள் விடுமுறையில் வீட்டிலும் தொடரலாம் என்பது இதன் பெரிய நன்மை.

இது எந்த இடம் வரை கூட்டிக்கொண்டு போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் சரியாகப் பயன்படுத்தலாம். இதுவரை பளு தூக்காத பெண்ணுக்கு முதல் நான்கைந்து வாரம் எது செய்தாலும் வலு ஏறும். தசை பெரிதாவதற்கு முன்பே, இருக்கிற தசையை நரம்பு இன்னும் நன்றாகக் கூப்பிட்டு வேலை வாங்கப் பழகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு பாரம் ஏற வேண்டும். பஸ்கி 15 போட்டவள் 30 போடுகிறாள், 30 போட்டவள் 60 போடுகிறாள். அப்போது வளர்வது தாக்குப்பிடிக்கும் திறன், வலு அந்த அளவுக்கு வளராது. மணல் மூட்டையில் 20 கிலோவுக்கு அடுத்தது 30 கிலோ மூட்டைதான், நடுவில் படி கிடையாது. மூட்டைக்குள் மணல் ஒரு பக்கம் சரிந்தால் முதுகும் சரியும்.

ஆகவே இதை நான் ஒதுக்கவில்லை. முதல் நான்கு வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. 12 வாரத்துக்கும் இதுவே போதும் என்று சொன்னால் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு பிள்ளைகள் வியர்ப்பார்கள், வலுவாக மாட்டார்கள்.

நான் கேட்பது: பழைய ஸ்டோர் ரூமும் இரண்டு ராடும்

உள்விளையாட்டரங்கத்தை ஒட்டி, பழைய பெஞ்சுகள் கிடக்கும் ஸ்டோர் ரூமைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். தரைத்தளம், சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல். அதைக் காலி செய்து கொடுத்தால் போதும்.

சாமான் இவ்வளவுதான். 15 கிலோ எடையுள்ள பெண்களுக்கான ராடு இரண்டு, 14,000 ரூபாய். ஆண்களுக்கான 20 கிலோ ராடைவிட இது மெல்லியது, சின்னக் கைக்குப் பிடி அடங்கும், தொடங்கும் பாரமும் 5 கிலோ குறையும். ஒவ்வொரு ராடுக்கும் 20, 15, 10, 5, 2.5, 1.25 கிலோ பிளேட்டுகள் ஒவ்வொரு ஜோடி, இரண்டு ராடுக்கும் சேர்த்து 215 கிலோ. கிலோ 130 ரூபாய் வீதம் 27,950. பக்கத்தில் தாங்கும் கம்பி உள்ள ஸ்குவாட் ஸ்டாண்டு இரண்டு, 18,000. பெஞ்சு ஒன்று, 5,000. தரைக்கு ரப்பர் விரிப்பு 150 சதுர அடி, 12,000. சுவரில் தொங்கும் கம்பியை நம் ஊர் வெல்டரே 3,000-க்கு அடித்துத் தருவார். பிளேட் கழலாமல் பிடிக்கும் கிளிப்புகள், சாக் பவுடர் 1,050. எல்லாம் சேர்த்து 81,000 ரூபாய்.

இதில் எந்தச் சாமானை வேண்டுமானாலும் குறைக்கச் சொல்லுங்கள், மூன்றை மட்டும் குறைக்க வேண்டாம். ஸ்டாண்டில் உள்ள தாங்கும் கம்பி ஒன்று. பாரத்தோடு உட்கார்ந்தவளால் எழ முடியாவிட்டால் ராடை அதன் மேல் இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். இரண்டாவது 1.25 கிலோ பிளேட். வாங்கும்போது "இவ்வளவு சின்னது எதற்கு?" என்று விட்டுவிடுவார்கள். இரு பக்கமும் ஒன்று போட்டால் 2.5 கிலோ ஏறுகிறது, மேலே நான் சொன்ன சின்னப் படி அதுதான். அது இல்லாவிட்டால் ஒரே தாவலாக 5 கிலோ. மூன்றாவது ரப்பர் விரிப்பு. அது இல்லாமல் போனால் தரையும் போகும், பிளேட்டும் போகும்.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 14 பேரை 5, 5, 4 என்று மூன்று குழுவாகப் பிரிக்கிறேன். முதல் ராடில் பளுவோடு பஸ்கி, அதாவது ஸ்குவாட். இரண்டாவது ராடில் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட். மூன்றாவது குழுவுக்கு ராடே இல்லை: தொங்கும் கம்பி, தண்டால், பின்தொடைப் பயிற்சி. ஒரு ராடில் ஐந்து பேர் மாறி மாறி நான்கு சுற்று செய்தால் 20 முறை. ஒருத்தி தூக்கி, அடுத்தவளுக்குப் பிளேட் மாற்ற 50 விநாடிக்கு மேல் ஆகாது. ஆக ஓர் இடத்தில் 18 நிமிடம், மூன்று இடத்துக்கு 54. உடம்பைச் சூடாக்க 10 நிமிடம். 3:30-க்குத் தொடங்கினால் 4:35-க்கு முடிந்துவிடும். மற்ற நால்வர் தூக்கும்போது ஒருத்தி காத்திருக்கும் அந்த மூன்று நிமிடத்துச் சொச்சமே அவளுக்கு வேண்டிய ஓய்வாகிவிடுகிறது. குழுவைப் பிரிக்கும்போது தோழிகளாகப் பார்த்துப் பிரிக்காமல், ஏறக்குறைய ஒரே பாரம் தூக்குகிறவர்களைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட் மாற்றியே நேரம் போகும். இரண்டு ராடுக்கும் நடுவில் நான் நிற்பேன்.

12 வாரம் எப்படிப் போகும்

வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும். மற்ற நாட்களில் வழக்கம்போல் ஆட்டப் பயிற்சி. புதியவர்களுக்கு வாரம் இரண்டு நாள் போதும். மூன்றாவது நாள் சேர்த்தால் ஆட்டத்துக்கான கால் மீதமிருக்காது.

முதல் நான்கு வாரம் மைதானத்தில். இதில் எனக்குள்ள ஒரே குறிக்கோள், குனிவதைச் சரியாகக் கற்றுத் தருவது. துடைப்பக் கட்டையைத் தலை, முதுகு, இடுப்பு மூன்றிலும் படும்படி பிடித்துக்கொண்டு இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். கட்டை எங்கேயாவது விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். இது கைவராதவள் ஐந்தாம் வாரத்திலும் ராடைத் தொட மாட்டாள். கூடவே சின்னத் திண்டிலிருந்து குதித்து இறங்கும் பழக்கம்: சத்தமில்லாமல் இறங்க வேண்டும், முழங்கால் கால்விரலின் நேர் மேலேயே இருக்க வேண்டும். பின்தொடைக்கு ஒரு பயிற்சி உண்டு. முட்டி போட்டு நிற்பவளின் கணுக்காலைத் தோழி அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய்வது. காலணாச் செலவில்லை. விடாமல் செய்த அணிகளில் பின்தொடைத் தசைப் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. முதல் வாரம் இரண்டு சுற்று, சுற்றுக்கு மூன்று முறைக்கு மேல் கொடுத்தால் மறுநாள் நடக்க முடியாது. அப்படிக் கொடுத்துத்தான் பல இடங்களில் இதைப் பாதியிலேயே கைவிடுகிறார்கள்.

இந்த நான்கு வாரம் தங்களுக்கும் வசதி. மூன்று கொட்டேஷன் வாங்கி, கொள்முதல் குழு கூடி, சாமான் வந்து இறங்க ஒரு மாதம் ஆகிவிடும். அதற்காகப் பயிற்சி காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் வாரத்திலிருந்து ராடு. 58 கிலோ எடையுள்ள நம் இடது கார்னர் பெண்ணின் நோட்டு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஸ்குவாட்டில் மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து முறை, அதற்கு முன் வெறும் ராடோடு ஒரு சுற்று. ஐந்தாம் வாரம் திங்கள் 25 கிலோ, வியாழன் 27.5. ஆறாம் வாரம் 30, 32.5. ஏழாம் வாரம் இன்டர்னல் தேர்வு என்பதால் ஒரே நாள், அதுவும் 27.5-க்குக் குறைத்து. தூக்கமில்லாமல் படிக்கும் வாரத்தில் பாரம் ஏற்றுவது தவறு. எட்டாம் வாரம் 32.5, 35. ஒன்பதில் 37.5, 40. பத்தில் 42.5, 45. இங்கே ஐந்தாவது முறை எழும்போது வேகம் குறைந்து நடுவில் தயங்குவாள் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் பதினொன்றாம் வாரம் திங்கள் அதே 45-ஐத் திரும்பச் செய்துவிட்டு வியாழன் 47.5. பன்னிரண்டாம் வாரம் ஒரே நாள், 40 கிலோ, இரண்டே சுற்று, போட்டிக்குக் கால் புதிதாக இருக்க வேண்டும். 47.5 கிலோவை ஐந்து முறை செய்கிறவள் ஒரே முறை என்றால் ஏறக்குறைய 55 கிலோ எழுப்புவாள். தன் உடல் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். 25 கிலோவில் தொடங்கிய பெண்ணுக்கு இது பெரிய மாற்றம். எல்லோரும் இதே வேகத்தில் ஏற மாட்டார்கள். இரண்டு பேராவது 35-இல் நிற்பார்கள், அவர்களைத் துரத்தப் போவதில்லை.

டெட்லிஃப்ட்டில் ஒரு நுணுக்கம். பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் ராடு முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் உயரத்தில் நிற்கும். புதியவளுக்குப் போடும் 5 கிலோ, 10 கிலோ பிளேட்டுகள் சிறியவை, ராடு தரையோடு கிடக்கும். அதை எடுக்கக் குனிந்தால் முதுகு வளைந்தே தீரும். எனவே பிளேட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்த வேண்டும். தச்சரிடம் மிச்சத் துண்டுகள் கேட்டிருக்கிறேன். தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியில் 2.5 கிலோவே பெரிய படி. அங்கே பாரத்தை ஏற்றும் முன் எண்ணிக்கையை ஐந்திலிருந்து எட்டாக ஏற்றுவேன்.

அளவு கடக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு திங்களும் சூடாக்கிய உடனே, விரலில் சாக் தடவிச் சுவரில் குதித்துத் தொடுவார்கள். அந்த உயரம் நோட்டில் ஏறும். ஒருத்தி தன் வழக்கமான உயரத்தைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் குறைத்துத் தொட்டால் அன்று அவளுக்கு ஒரு சுற்று குறைவு, பாரம் ஏறாது. தூங்கவில்லையா, சாப்பிடவில்லையா, மாதவிடாயா என்று தனியாகக் கேட்பேன். ஸ்குவாட்டில் எழும்போது முழங்கால் இரண்டும் உள்ளே சரிந்தால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது. போன ஆண்டு நாம் பார்த்த அதே மடங்கல் அது.

சாப்பாடும் ரத்தமும்

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது பாதிதான் பலிக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. நம் 14 பேர் அதற்கு விலக்காக இருக்க மாட்டார்கள். இரண்டாவது ரைடிலேயே மூச்சு வாங்குகிறவளை நாம் சோம்பேறி என்று நினைத்துவிடுகிறோம். தொடங்கும் முன் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையோடு பயிற்சி தொடரலாம். 10-க்குக் கீழே இருப்பவளை மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ராடு பக்கம் விட மாட்டேன்.

காலை ஆறரைக்கு இரண்டு இட்லியோடு பேருந்து ஏறுகிற பிள்ளைகள் மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டு மாலை பளு தூக்கினால் தசை எதிலிருந்து வளரும்? பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பாலும் வேர்க்கடலையும். ஆளுக்கு 25 ரூபாய். தேர்வு வாரமும் கடைசி வாரமும் ஒரு நாள் குறைவதால் மொத்தம் 22 நாள், 14 பேருக்கு 7,700 ரூபாய். விடுதிச் சமையலறையில் அவித்துத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். சாமானோடு சேர்த்து மொத்தம் 88,700 ரூபாய். மல்டி ஜிம் விலையில் பாதிக்கும் கீழே. தனியார் ஜிம்மைவிட 38,300 அதிகம், ஆனால் அடுத்த ஆண்டு கைப்பந்து அணிக்கும் அதே ராடு இருக்கும்.

இதில் உள்ள குறைகள்

நான் கேட்கும் வழியில் பெரிய பலவீனம் நானேதான். நான் விடுப்பில் போனால் ராடு பயிற்சி நடக்காது, நடக்கவும் கூடாது. அன்று கேப்டன் மைதானப் பயிற்சியை மட்டும் நடத்துவாள். அறைச் சாவி என்னிடமும் அலுவலகத்திலும் இருக்கட்டும், மாணவிகளிடம் வேண்டாம்.

அடுத்தது பெற்றோர். பளு தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும், கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பயம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 12 வாரத்தில் ஒரு பெண்ணின் உருவம் அப்படி மாறாது. தினமும் இரண்டு குடம் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் சுமக்கிற அம்மாக்களிடம் இதை நேரில் பேசினால் புரிந்துகொள்வார்கள், கடிதத்தில் புரியாது. கையெழுத்து வாங்கும் முன் ஒரு சனிக்கிழமை அவர்களை வரவழைத்து அறையையும் காட்ட விரும்புகிறேன். அன்று தாங்களும் பத்து நிமிடம் வந்தால் பெரிய பலம்.

கோப்பை வாங்கித் தருவேன் என்று நான் எழுதவில்லை. முழங்கால் ஜவ்வு இனி யாருக்கும் கிழியாது என்றும் சொல்ல முடியாது, வாய்ப்பைக் குறைக்க முடியும். செப்டம்பரில் தங்கள் மேசைக்கு நான் கொண்டுவருவது 14 நோட்டுகள்: ஒவ்வொருத்தியின் முதல் வாரக் குதிப்பும் கடைசி வாரக் குதிப்பும், ஸ்குவாட் பாரம், வருகை, காயத்தால் ஆடாமல் போன நாட்கள். குதிப்பு பெரும்பாலானவர்களுக்கு ஏறவில்லை என்றால் என் முறையில் தவறு என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்குப் பணம் கேட்க மாட்டேன்.

நிதி இப்போது முடியாது என்றால் மைதானப் பயிற்சியை மட்டும் ஆறு வாரம் நடத்தி, ஒரு ராடும் ஒரு ஸ்டாண்டும் வாங்கி மீதியை ஓட்டலாம். அப்போது 14 பேரை எடுக்க முடியாது, களத்தில் இறங்கும் ஏழு பேரை மட்டும் எடுப்பேன். பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளை விடுவது எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் மூன்று மாதச் சந்தாவைவிட அது மேல்.

ஜூன் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை மைதானத்தில் தொடங்க அனுமதி வேண்டுகிறேன். அதற்கு எந்தச் செலவும் இல்லை. ஸ்டோர் ரூமைக் காலி செய்யும் உத்தரவும் கொட்டேஷன் கேட்கும் கடிதமும் அந்த வாரத்துக்குள் கிடைத்தால், ஐந்தாம் வாரம் ராடு தரையில் இருக்கும்.

இப்படிக்கு,
உடற்கல்வி இயக்குநர்